எண்ணெய் வைத்த நீளக் கூந்தலுக்கு எந்த நீச்சல் தொப்பி?

மே மாதம் எங்கள் பக்கத்து ஆறுகளில் மணல்தான் கிடக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி திறப்பது ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணையைத் தாண்டி குடமுருட்டியிலும் வெட்டாற்றிலும் பிரிந்து ஊருக்குள் வர இன்னும் சில நாள் பிடிக்கும். அதற்குள் பள்ளி விடுமுறையே முடிந்துவிடுகிறது. அதனால் இப்போது எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகுவது பெரும்பாலும் குளோரின் போட்ட நீச்சல் குளத்தில்தான். ஆற்றில் இறங்கும்போது முடியை அள்ளிக் கொண்டை போட்டால் போதும். குளத்தில் தொப்பி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

போன வருடக் கோடையில் என் அண்ணன் மகள் பாப்பாவை 30 நாள் பயிற்சியில் சேர்த்தோம். வயது 13. பின்னலை அவிழ்த்தால் இடுப்பைத் தொடும் முடி. பிறந்ததிலிருந்து தினமும் தேங்காய் எண்ணெய் வைத்த தலை. முதல் வாரத்துக்குள் 2 தொப்பிகள் வீணாகின, நுனி முடி வைக்கோல் மாதிரி ஆனது. பிறகு ஒவ்வொன்றாக மாற்றி ஒரு முறைக்கு வந்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்ணெய் வைக்காத முடிக்கும், குட்டை முடிக்கும் இதில் பாதி வேலை தேவைப்படாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நீச்சல் தொப்பியும் தலையை நனையாமல் காப்பாற்றாது. தலையை முக்கி நீந்தும்போது காதுப் பக்கமும் பிடரிப் பக்கமும் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். உள்ளே வந்த தண்ணீர் திரும்பத் திரும்ப மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல தொப்பியின் வேலை. தொப்பி இல்லாத முடியை ஒரு மணி நேரம் முழுக்கப் புதுப்புதுக் குளோரின் தண்ணீர் அலசிக்கொண்டே இருக்கும். இறுக்கமான தொப்பிக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்து அங்கேயே நிற்கும். அதில் இருக்கும் குளோரின் சீக்கிரம் செலவாகிவிடும், அதற்குமேல் கெடுக்க அதனிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது. இது புரிந்தால் தொப்பி வாங்குவதிலிருந்து முடி காயவைப்பது வரை எல்லாம் தானாகப் புரியும்.

குளத்தில் குளோரின் அளவு பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கும். கிருமியைக் கொல்ல அது வேண்டும். அதே குளோரின் முடியின் மேலே இருக்கும் மெல்லிய கொழுப்புப் பூச்சையும் கழற்றிவிடுகிறது. அது போனதும் செதில் செதிலாக இருக்கும் மேல்தோல் தூக்கிக்கொள்ளும், முடி தண்ணீரை அதிகம் உறிஞ்சும், கருநிறத்தைத் தரும் மெலனின் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். நம் முடியில் அது செம்பட்டையாகத் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் முடி பச்சையாகிறது என்பார்கள். அதற்குக் காரணம் குளோரின் அல்ல, பாசியைக் கொல்லப் போடும் மயில்துத்தம் போன்றவற்றிலிருந்து வரும் செம்பு. பொன்னிற முடியில்தான் அது கண்ணுக்குத் தெரியும், நமக்கு அந்தக் கவலை வேண்டாம்.

தொப்பி வாங்கும்போது

கடையில் 3 வகை இருக்கும். துணித் தொப்பி லைக்ரா அல்லது பாலியஸ்டரில் தைத்தது. போட வசதி, முடியை இழுக்காது, சூடு தங்காது. ஆனால் தண்ணீர் அதன் வழியாகத் தாராளமாக ஊடுருவும். முடியை ஒன்றாகப் பிடித்து வைக்கவும், குளத்து வடிகட்டியில் முடி சேராமல் இருக்கவும் அது போதும். குளோரினுக்கு அது தடையே இல்லை.

லேட்டக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பாலில் செய்தது. மெல்லியது, மூன்றிலும் பொதுவாக விலை குறைவு இதற்குத்தான். தலையை நன்றாகக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பிடியே நீள முடிக்கு எதிரி: போடும்போதும் கழற்றும்போதும் ஒவ்வொரு முடியாகப் பிடித்து இழுக்கும். பாப்பா முதல் நாள் கழற்றியபோது தொப்பியின் உள்பக்கம் ஒரு கொத்து முடி ஒட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் விட்டாள்.

அதைவிடப் பெரிய சிக்கல் எண்ணெய். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைக்கும், பலவீனமாக்கும். எங்கள் முதல் தொப்பி 4 நாளில் உள்பக்கம் பிசுபிசு என்று ஆனது, ஓரம் அலையலையாக நெளிந்தது, ஐந்தாம் நாள் நெற்றிப் பக்கம் விரல் வைத்து இழுத்ததும் கிழிந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, எண்ணெய்த் தலையில் மாட்டியது நாங்கள்தான். தினமும் எண்ணெய் வைக்கும் வீட்டில் லேட்டக்ஸ் வாங்கவே வேண்டாம் என்பது என் முடிவு.

இன்னொரு காரணமும் உண்டு. சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாது. போட்ட சில நிமிடங்களில் தொப்பியின் ஓரம் பட்ட இடம் முழுக்கச் சிவந்த தடிப்பாக எழும்பி அரிக்கும். வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டால் வாய் அரிக்கிறது என்பவர்களுக்கு இந்த ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம். வாழைத்தோப்புகளுக்கு நடுவே வாழும் நமக்கு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது. உதடு வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ தொப்பியைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

சிலிக்கோன் தொப்பி கொஞ்சம் தடிமன், விலையும் கூட. முடியை இழுக்காது, எண்ணெய்க்கு லேட்டக்ஸ் மாதிரி சட்டென்று உருகிப் போகாது, ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் போடலாம். குறை இரண்டு. ஒன்று, தலை சுடும். மதிய வெயிலில் திறந்தவெளிக் குளத்தில் இதைப் போட்டு நீந்தினால் தலைவலி வரும், அவ்வப்போது கழற்றித் தலையை நனைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, வழுக்கும். எண்ணெய்த் தலையில் சிலிக்கோன் தொப்பி, சோப்புக் கையில் தட்டு மாதிரி. எங்கள் இரண்டாவது தொப்பி நாலு அடி நீந்துவதற்குள் பிடரியிலிருந்து மேலே ஏறி உச்சியில் குல்லா மாதிரி நின்றது.

நீள முடிக்கென்றே பின்பக்கம் பை போல விரிந்த சிலிக்கோன் தொப்பி விற்கிறது. தோளுக்குக் கீழே முடி இருந்தால் அதைத்தான் கேளுங்கள். சாதாரண அளவில் கொண்டையைத் திணித்தால் தொப்பியின் ஓரம் தோலைத் தொடாது, இடைவெளி விழும், தண்ணீர் போய் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பெரிய தொப்பிகளுக்கே ஒரு கதை உண்டு. அடர்ந்த, சுருட்டை முடிக்காரர்களுக்காகச் செய்த பெரிய தொப்பி ஒன்றை டோக்கியோ ஒலிம்பிக் சமயத்தில், 2021ல், சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு ஏற்கவில்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2022ல் அனுமதித்தார்கள். நம் ஊர்ப் பயிற்சி முகாம்களில் அப்படித் தடை ஏதும் நான் பார்த்ததில்லை.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். லேட்டக்ஸில் ரப்பர் வாசனை வரும், உள்ளே வழுவழுப் பொடி தூவியிருப்பார்கள், இழுத்தால் பலூன் மாதிரி மெலிந்து வெளிறும். சிலிக்கோனில் வாசனை இருக்காது, கையில் கொஞ்சம் கனமாகத் தெரியும், இழுத்துவிட்டால் அழுத்தமாகத் திரும்பும். முழங்கையில் வைத்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ரோமத்தைப் பிடித்து இழுத்தால் லேட்டக்ஸ். உறையில் என்ன போட்டிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

எண்ணெய் எப்போது?

வீட்டில் சண்டை வந்தது இந்த இடத்தில்தான். குளத்தில் பயிற்சியாளர் "எண்ணெய்த் தலையோட வராதம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்: எண்ணெய் தண்ணீரில் மிதந்து ஓரத்து ஓடுகளில் அழுக்குக் கோடாகப் படியும், வடிகட்டியை அடைக்கும், குளோரினையும் வீணாக்கும். பாப்பாவின் அப்பாயியோ விடவில்லை. "எண்ண வைக்காம அந்த மருந்துத் தண்ணியில முக்குனா முடி முறுக்கிக்கும்டி, நான் சொல்லிட்டேன்" என்றார் என் அம்மா.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான், நேரம்தான் வேறு. தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே ஊடுருவக்கூடியது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003ல் வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அந்த ஆய்வு குளோரினைப் பற்றியது அல்ல. ஆனாலும் முடிக்குள் போன எண்ணெய்தான் உதவும், மேலே வழியும் எண்ணெய் உதவாது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே எண்ணெயை முந்தின ராத்திரி வையுங்கள். இடுப்பளவு முடிக்கு 2 தேக்கரண்டி போதும். உச்சந்தலையில் கொட்டாமல், காதுக்குக் கீழே இருக்கும் நீளத்துக்கும் நுனிக்கும் தடவுங்கள். பழைய முடி அங்கேதான் இருக்கிறது, கெடுவதும் அதுதான். காலையில் வழியும் எண்ணெயை மட்டும் கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். ஈரத் தலையை வெள்ளைத் துண்டால் ஒற்றிப் பாருங்கள், மஞ்சள் கறை படியாவிட்டால் சரி. நெற்றியோரமும் பிடரியோரமும் விரலால் தேய்த்தால் வழுக்கக்கூடாது. தொப்பி பிடிப்பது அந்த இரண்டு விரல்கடை இடத்தில்தான்.

குளத்தில் இறங்குவதற்கு முன் 10 நிமிடம்

காய்ந்த முடி பஞ்சு மாதிரி. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்துவிடும். முதலில் கிடைக்கும் தண்ணீர் எதுவோ அதைக் குடிக்கும். அதனால் குளத்து ஷவரில் முழு முடியையும் நல்ல தண்ணீரில் நனையுங்கள். மேலே இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்வது நனைப்பது ஆகாது. பின்னலை அவிழ்த்து, பிடரிப் பக்கத்து உள்முடி வரை விரலை விட்டு 2 நிமிடமாவது நனைக்கவேண்டும். இதனால் குளோரின் முழுக்கத் தடுக்கப்படாது, நேரம் ஆக ஆக உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் ஒரு மணி நேர நீச்சலுக்கு இதுவே பாதிப் பாதுகாப்பு. ஆள் நெருக்கடியில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

குளத்தில் அனுமதித்தால் ஒரு ரூபாய் நாணயம் அளவு கண்டிஷனரை நுனியில் மட்டும் தடவலாம். அனுமதி இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ராத்திரி வைத்த எண்ணெய் போதும்.

அடுத்தது பின்னல். இரட்டைப் பின்னல்தான் எனக்குச் சரியாக வந்தது. ஒற்றைப் பின்னலைச் சுருட்டினால் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரே இடத்தில் கட்டியாக நிற்கும். இரட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையின் பின்மேட்டில் அப்பளம் மாதிரி தட்டையாகச் சுற்றி, துணி ரப்பரால் கட்டுங்கள். கொண்டையின் அடி, பிடரி முடியோரத்துக்கு 3 விரல் மேலே இருக்கவேண்டும். பிடரியில் தாழ்வாகப் போட்டால் தொப்பியின் ஓரம் கொண்டையின்மேல் உட்காரும், தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மேலே ஏறும். எங்கள் இரண்டாவது தொப்பி ஏறியதற்கு எண்ணெய் பாதிக் காரணம், தாழ்ந்த கொண்டை பாதிக் காரணம். ஹேர்பின், கிளிப், பூ நார் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. ஒரே ஒரு கொண்டை ஊசி தொப்பியை ஓட்டையாக்கும்.

இனி தொப்பி. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, தொப்பியின் உள்ளேயும் கொஞ்சம் தண்ணீர் விட்டு நனையுங்கள். இரண்டு கைகளையும் உள்ளங்கை பார்த்தபடி உள்ளே விட்டு விரியுங்கள். தலையைக் குனிந்து, முன்னோரத்தை நெற்றியில் புருவத்துக்கும் முடிக்கும் நடுவே வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலிருந்து கொண்டையைத் தாண்டிப் பிடரி வரை இழுத்துவிடுங்கள். இழுப்பது விரல் சதையால், நகம் படக்கூடாது. கடைசியில் காதை மூடி, வெளியே தெரியும் முடியை உள்ளே தள்ளி, மேலே நிற்கும் காற்றை உள்ளங்கையால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். தனியாகப் போடுகிறவர்கள் நெற்றி ஓரத்தைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுக்கலாம்.

இன்னும் வழுக்கினால் எங்கள் வழியைச் செய்து பாருங்கள்: உள்ளே துணித் தொப்பி, மேலே நீள முடிச் சிலிக்கோன் தொப்பி. துணி முடியைப் பிடிக்கும், சிலிக்கோன் துணியைப் பிடிக்கும். துணித் தொப்பியின் ஓரம் வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் அதன் வழியாகவே தண்ணீர் உள்ளே ஊறும். போட்டி நீச்சல்காரர்கள் இரண்டு தொப்பி போட்டு நடுவில் கண்ணாடிப் பட்டையை வைப்பதுண்டு, அதுபோல நீங்களும் வைத்தால் கண்ணாடி கழன்று விழாது.

சரியாகப் போட்டோமா என்று எப்படித் தெரியும்? முதல் 5 நிமிடம் நீந்திவிட்டு நின்று, தொப்பியின் உச்சியை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர்ப் பை மாதிரி தளும்பினால் ஓரம் எங்கோ திறந்திருக்கிறது. கழற்றித் திரும்பப் போடவேண்டும். உள்ளே முடி ஈரமாக இருப்பது தவறில்லை, அது நீங்கள் நனைத்த நல்ல தண்ணீர்.

நேரமும் ஒரு விஷயம். திறந்தவெளிக் குளத்தில் வெயில் குளோரினை வேகமாகத் தின்றுவிடும், அதனால் பல இடங்களில் குளம் மூடியபின் ராத்திரிதான் மருந்து போடுகிறார்கள். விடியற்காலை முதல் பேட்ச் தண்ணீரில் அப்போது குளோரின் தூக்கலாக இருக்கும். குளத்து ஊழியரிடம் "எப்போண்ணே மருந்து போடுவீங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். எங்களுக்குப் பள்ளி விடுமுறை, வேலை எல்லாம் பார்த்துக் காலை 6 மணிப் பேட்ச்தான் தோதாக இருந்தது, அதையே வைத்துக்கொண்டோம்.

கரையேறியதும்

தொப்பியைப் பிடரியிலிருந்து முன்னால் சுருட்டி எடுங்கள். நெற்றியிலிருந்து பின்னால் இழுத்தால் கொண்டையோடு சேர்ந்து வேரும் இழுபடும். உடனே ஷவர். குளத்து நீர் முடியிலேயே காயவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். காயக் காயத் தண்ணீர்தான் போகும், மருந்து முடியிலேயே நிற்கும். பின்னலை அவிழ்த்து 3 நிமிடம் வெறும் தண்ணீரில் அலசுவது, தினமும் ஷாம்பு போடுவதைவிட மேல். நீந்தியபின் போடும் ஷாம்பு வாரத்தில் 3 நாள் போதும்.

கடலோரப் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும், சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து முடியில் ஒட்டும். அங்கே சீயக்காய் அல்லது அரப்பு நல்லது. அவற்றின் நுரை கடின நீரில் அப்படித் திரியாது. ஆனால் வறண்ட நுனியில் சீயக்காயைத் தேய்க்காதீர்கள், வேர்ப் பக்கத்தோடு நிறுத்தி, கரைசல் வழிந்து நுனியைத் தொட்டால் போதும்.

துவட்டும்போது பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், அடித்துத் துவட்ட வேண்டாம். ஊறிய முடி பலம் குறைந்திருக்கும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வாருங்கள். முழுக்கக் காயாமல் பின்னக்கூடாது. ஈரத்தில் பின்னினால் சாயங்காலம் வாடை வரும், தலை அரிக்கும். பள்ளி நாட்களில் காலை நீச்சலுக்கு நான் சம்மதிக்காததற்கு இதுதான் காரணம்: இடுப்பளவு முடி ஒன்றரை மணி நேரத்துக்குள் காயாது.

முடி கெடுகிறதா என்பதை வாரம் ஒருமுறை பாருங்கள். உதிர்ந்த ஈர முடி ஒன்றை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாக இழுங்கள். லேசாக நீண்டு திரும்பச் சுருங்கினால் நலம். சூயிங்கம் மாதிரி நீண்டு அப்படியே நின்று அறுந்தால் உள்ளே இருந்த புரதம் போய்விட்டது, ஒரு வாரம் நீச்சலை நிறுத்தி எண்ணெய் வைத்துப் பாருங்கள். இழுத்ததுமே பட்டென்று முறிந்தால் வறட்சி, கண்டிஷனர் போதவில்லை. வெடித்த நுனியை எதுவும் ஒட்டவைக்காது, வெட்டித்தான் ஆகவேண்டும்.

தொப்பியை நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி நிழலில் காயவையுங்கள். வண்டிப் பெட்டிக்குள் ஈரத்தோடு போட்டு வெயிலில் நிறுத்தினால் உள்ளே பூசணம் பிடிக்கும். லேட்டக்ஸாக இருந்தால் வெயிலில் வெடித்தே போகும், காய்ந்தபின் கொஞ்சம் முகப்பவுடர் தூவி வைக்கவேண்டும். மாதம் ஒருமுறை தொப்பியில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பிடியுங்கள். எங்காவது சொட்டினால் அந்த ஓட்டையிலிருந்துதான் அடுத்த கிழிசல் தொடங்கும்.

பாப்பாவின் 30 நாளில் கடைசி 3 வாரம் இப்படியே போனது. முதல் வாரத்தில் கெட்ட நுனி செம்பட்டை மாறவில்லை. ஜூன் முதல் வாரம் ஒன்றரை அங்குலம் வெட்டினோம், அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேலே இருந்த முடி கருப்பாகவே இருந்தது. மூன்றாவதாக வாங்கிய அந்தச் சிலிக்கோன் தொப்பி இன்னும் சொட்டாமல் இருக்கிறது, இந்த மே மாதத்துக்கும் அதுவேதான்.